சின்ன ஷெட் டிரஸ்: ஆங்கிள், பிளேட் எடை எப்படிப் போடுவது? அடிக்கடி வரும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கொப்பரைக் களத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் ஷெட் போடுகிறவர்கள் எங்கள் பட்டறையில் கேட்கிற கேள்விகள் இவை. இங்கே பாதிப் பேர் கோயமுத்தூரிலிருந்து இரும்பு வாங்குகிறார்கள், மீதிப் பேர் கஞ்சிக்கோட்டிலிருந்து. எங்கே வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். எந்த சைஸ் ஆங்கிள் தாங்கும் என்பதை இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சைஸ் சொன்ன பிறகு எத்தனை கிலோ, எத்தனை நீளம் என்பதுதான் இந்தப் பக்கம்.

50×50×6 ஆங்கிள் மீட்டருக்கு எத்தனை கிலோங்க? டேபிள்ல எங்க பார்க்கறது?

4.5 கிலோ. ஐ.எஸ். 808 என்ற இந்தியத் தரநிலையில் சம கால் ஆங்கிள்களுக்குத் தனி டேபிள் இருக்கிறது. முதல் கட்டத்தில் சைஸ், அதில் மூன்றாவது எண் தடிமன். பக்கத்திலேயே மீட்டருக்கு எத்தனை கிலோ, வெட்டுப் பரப்பு எத்தனை சதுர செ.மீ. என்று வரும். நமக்கு எடைக்கு அந்த இரண்டு கட்டம் போதும். அதற்கு அப்பால் வருகிற எண்களெல்லாம் டிசைனுக்கு. அதில் வரிசையின் கடைசியை ஒட்டி இருக்கிற ஓர் எண்ணை மட்டும் கீழே ஓர் இடத்தில் தொடுவேன்.

சின்ன ஷெட்டில் திரும்பத் திரும்ப வருகிற சைஸ்கள் கொஞ்சம்தான். 40×40×5 மீட்டருக்கு 3.0 கிலோ, 50×50×5 என்றால் 3.8, 50×50×6 என்றால் 4.5, 65×65×6 என்றால் 5.8, 75×75×6 என்றால் 6.8. எங்கள் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பது இந்த ஐந்துதான், இதைத் தாண்டி வருஷத்துக்கு இரண்டு தடவை டேபிளைத் திறந்தால் அதிகம்.

இரட்டை ஆங்கிள் முதுகோடு முதுகு வைக்கிற இடத்தில் டேபிள் எடை ஒரு ஆங்கிளுக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டால் பெருக்க மறந்து பாதி எடைக்குக் கொட்டேஷன் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

டேபிள் கையில இல்லைன்னா கணக்குப் போட்டே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரு சதவீதம் முன்னே பின்னே வரும். இரும்பு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ. அதனால்:

```
(A + B - t) x t x 0.00785 = kg/m
(50 + 50 - 6) x 6 x 0.00785 = 4.43
```

A, B இரண்டும் கால்களின் அகலம், t தடிமன், எல்லாம் மி.மீ. கணக்கில். இங்கே t-யைக் கழிப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. இரண்டு காலும் மூலையில் சந்திக்கிற சதுரத்தை இரண்டு தடவை எண்ணக் கூடாது. கழிக்காமல் 100-ஐ 6-ஆல் பெருக்கினால் 4.71 வரும், அதாவது ஆறு சதவீதம் கூடுதல். ஒரு டன் வேலையில் 60 கிலோ காற்றில் போகிறது.

சரி, கழித்த பிறகும் 4.43 தானே வருகிறது, டேபிளில் 4.5 எப்படி என்றால், ஆங்கிளின் உள் மூலையைத் தடவிப் பாருங்கள், அது கூர்மையாக இருக்காது, ஒரு வளைவு நிரம்பியிருக்கும். கால் நுனிகள் லேசாக உருண்டிருக்கும். உள்ளே நிரம்பியது நுனியில் குறைந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். அதைச் சேர்த்தால் பரப்பு 564-க்குப் பதில் 568 சதுர மி.மீ., எடை 4.46. டேபிள் அதை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி 4.5 என்று போட்டிருக்கிறது. அதனால் இரண்டு பேர் கணக்கில் ஒரு சதவீத வித்தியாசம் வந்தால் சண்டை போடாதீர்கள், ஐந்து சதவீதம் வந்தால் மட்டும் தாளைத் திருப்பிப் பாருங்கள்.

பிளேட்டுக்கும் டேபிள் பார்க்கணுமா?

வேண்டாம். ஒரு சதுர மீட்டர் பிளேட் ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ, அவ்வளவுதான். 6 மி.மீ. என்றால் 47.1, 8 மி.மீ. என்றால் 62.8, 10 மி.மீ. என்றால் 78.5, 12 மி.மீ. என்றால் 94.2. கூட்டுகிற இடத்தில் ஒரே ஒரு ஜாக்கிரதை: மூட்டில் ஆங்கிள்களைச் சேர்க்கிற பிளேட்டான குசெட்டின் அளவை மி.மீ.-இல் எழுதி மீட்டராக மாற்றும்போது புள்ளியைத் தப்பாக வைக்கக் கூடாது. 200×150 பிளேட் 0.03 சதுர மீட்டர், 0.3 இல்லை.

எங்க கொப்பரை ஷெட்டு 7.2 மீட்டர் அகலம். ஒரு டிரஸ் எத்தனை கிலோ வரும்னு முழுசாப் போட்டுக் காட்டுங்க.

சமீபத்தில் நாங்கள் செய்ததே இந்த அளவு, அதையே எடுத்துக்கொள்கிறேன். அகலம் 7.2, பாதி 3.6. நடு உயரம் 1.5. அப்படியானால் சரிவு நீளம் சரியாக 3.9 மீட்டர், 5-12-13 முக்கோணம்தான். மூலைமட்டம் பார்க்கிற மேஸ்திரிக்கு இது பிடிக்கும், டேப்பில் சரிபார்க்கத் தசமம் தேவையில்லை.

ஒவ்வொரு சரிவையும் மூன்று பாகமாகப் பிரித்தோம், பாகத்துக்கு 1.3 மீட்டர். கீழே அதுவே 1.2, 1.2, 1.2. செங்குத்துக் கால்கள் 0.5, 1.0, நடுவில் 1.5, மறுபக்கம் 1.0, 0.5. முதல் கால் உச்சியிலிருந்து இரண்டாவது காலின் அடிக்கு ஒரு சாய்வு, இரண்டாவது உச்சியிலிருந்து நடு அடிக்கு ஒரு சாய்வு. முதல் சாய்வு 1.3 மீட்டர், இரண்டாவது 1.562.

சரிவில் போகிற ராஃப்டரும் அடியில் கிடையாகப் போகிற கீழ் கார்டும் இரட்டை 50×50×6. ராஃப்டர் சுவரைத் தாண்டி 0.3 மீட்டர் நீள வேண்டும், இது வரைபடத்தில் பல சமயம் இருக்காது, கேட்டு வாங்கணும். அப்படி ஒரு பக்கம் 4.2 மீட்டர், இரண்டு பக்கம், இரண்டு ஆங்கிள், மொத்தம் 16.8 மீட்டர். கீழ் கார்டு 7.2 இரண்டு, 14.4 மீட்டர்.

நடுவில் வருகிற ஒற்றை ஆங்கிள்களுக்கு 40×40×5 போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. நீளச் சாய்வில் மட்டும் இடித்தது. அது அழுத்தம் வாங்குகிற உறுப்பு. டேபிளில் மிகச் சிறிய ஆரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, 40×40×5-க்கு அது 0.77 செ.மீ. சாய்வின் நீளம் 156.2 செ.மீ.-ஐ அதால் வகுத்தால் 203 வருகிறது, அழுத்தத்துக்கு இரும்புக் கட்டுமானத் தரநிலையான ஐ.எஸ். 800 விடுகிற வரம்பு 180. 50×50×6-க்கு அந்த ஆரம் 0.96, வகுத்தால் 163. அதனால் அந்த இரண்டு சாய்வு மட்டும் 50×50×6. சின்னச் சாய்வு 1.3 மீட்டர்தான், 40×40×5-இலேயே 169 வந்து தப்பித்துவிட்டது.

நீளத்தை மையத்திலிருந்து மையம் போட்டால் எடை கூடிப் போகும். ஆங்கிள் குசெட் மேல் போய் நிற்கும், மையம் வரை போகாது. எங்கள் அளவில் ஒரு முனைக்கு சுமார் 60 மி.மீ. குறையும். 1.562 சாய்வை 1.44-க்கு வெட்டினோம், 1.0 காலை 0.88-க்கு, நடுக் காலை 1.38-க்கு, 1.3 சாய்வை 1.18-க்கு. 0.5 மீட்டர் குட்டிக் கால் 0.38 வரணும், அதை 50×50×6 துண்டிலிருந்து 0.36-க்கு எடுத்தோம், ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். கூரைத் தகட்டைத் தாங்குகிற பர்லின் உட்கார எட்டு கிளீட், ஒவ்வொன்றும் 0.1 மீட்டர், அதே 50×50×6.

கூட்டினால் 50×50×6 மொத்தம் 35.6 மீட்டர், 160.2 கிலோ. 40×40×5 மொத்தம் 5.5 மீட்டர், 16.5 கிலோ.

பிளேட்டில் 6 மி.மீ. குசெட் பன்னிரண்டு: சுவர் மேல் இரண்டு, உச்சியில் ஒன்று, கீழ் நடுவில் ஒன்று, இந்த நான்கும் 300×200. இடையில் ஆறு 200×150. குட்டிக் கால் அடியில் இரண்டு 150×100. மொத்தம் 0.45 சதுர மீட்டர், 21.2 கிலோ. இரட்டை ஆங்கிளுக்கு நடுவே செருகுகிற சின்னத் துண்டுகள் 24, ஒவ்வொன்றும் 60×50, 3.4 கிலோ. கீழ் கார்டு ஒட்டுக்குப் பட்டை நான்கு, 250×45, 2.1 கிலோ. பேஸ் பிளேட் இரண்டு, 250×200, 12 மி.மீ., 9.4 கிலோ. பிளேட் மொத்தம் 36.1 கிலோ.

ஆக ஒரு டிரஸ் 212.8 கிலோ, 213 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிரஸ் 1,064 கிலோ.

குசெட்டுக்கு மொத்தத்துல பத்து பர்சென்ட் போட்டாப் போதும்னு சொல்றாங்களே?

மேலே போட்டதைப் பாருங்கள், ஆங்கிள் 176.7 கிலோ, பிளேட் 36.1. ஆங்கிள் மேல் கணக்கிட்டால் இருபது சதவீதம். பத்து சதவீதம் போட்டிருந்தால் டிரஸுக்கு 18 கிலோ, ஐந்துக்கு 90 கிலோ குறைந்திருக்கும்.

பெரிய டிரஸுக்கு அந்தப் பேச்சு ஓரளவு சரி. டிரஸ் சின்னதாக ஆக ஆக உறுப்புகளின் நீளம் குறையும், மூட்டு எண்ணிக்கை அப்படியே நிற்கும். குசெட்டும் அதே வேகத்தில் சிறுக்காது, வெல்டுக்கு ஒரு நீளம் வேண்டுமே. அதனால் பத்து மீட்டருக்குக் கீழே போனால் குசெட்டை எண்ணித்தான் போடணும். அந்த 24 செருகு துண்டுகளை யாரும் எண்ணுவதே இல்லை, அதுவும் 3.4 கிலோ, ஐந்து டிரஸுக்கு 17 கிலோ.

வாங்கறப்போ எத்தனை நீளம் சொல்லணும்? கிலோவைச் சொன்னாப் போதாதா?

கிலோவை மட்டும் சொன்னால் ஸ்கிராப் உங்கள் தலையில். கடையில் ஆங்கிள் பெரும்பாலும் 6 மீட்டர் நீளத்தில் வரும், கணக்கை அந்த 6-க்குள் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ராஃப்டருக்கு ஒரு நீளத்தில் 4.2 வெட்டினால் 1.8 மிஞ்சும். டிரஸுக்கு நான்கு ராஃப்டர் ஆங்கிள், அதனால் 1.8 துண்டு நான்கு. கீழ் கார்டு 7.2, அதாவது ஒரு முழு 6 மீட்டரும் ஒரு 1.2 துண்டும், அப்படி இரண்டு. அந்த 1.2 இரண்டையும் இரண்டு 1.8 துண்டிலிருந்து எடுத்தோம், 0.6 மிஞ்சியது, அந்த இரண்டு 0.6-லிருந்தும் எட்டு கிளீட் வந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு 1.8-இல் நீளச் சாய்வு 1.44 போக 0.36 நின்றது. குட்டிக் காலுக்கு 0.38 வேண்டும், ஒரு முனைக்கு ஒரு செ.மீ. குறைவு. அந்தக் கால் கூரைச் சுமையில் விசையே வாங்காத உறுப்பு, கீழ் கார்டு தொய்யாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு அந்த 0.36-ஐயே வைத்தோம்.

குட்டிக் கால் 50×50-க்குப் போனதால் 40×40×5 தேவை 5.5 மீட்டருக்கு இறங்கி ஒரே நீளத்தில் அடங்கிவிட்டது. 40×40-இலேயே வைத்திருந்தால் 6.26 மீட்டர் வரும், 26 செ.மீ.-க்காக டிரஸுக்கு இன்னொரு நீளம் திறக்கணும்.

ஆக டிரஸுக்கு 50×50×6 ஆறு நீளம், 40×40×5 ஒரு நீளம். ஐந்து டிரஸுக்கு முப்பதும் ஐந்தும், எடையில் 810 கிலோவும் 90 கிலோவும். 6 மி.மீ. பிளேட் ஐந்து டிரஸுக்கு 2.835 சதுர மீட்டர் வேண்டும், 2500×1250 ஷீட் ஒன்று 3.125 சதுர மீட்டர், 147.2 கிலோ, ஒன்று போதும். ஆனால் சாக்பீஸில் முதலில் ஷீட் முழுக்க வரைந்துவிட்டுத்தான் கட்டரைத் தொடணும். பெரிய குசெட்டை முதலில் வரிசையாக எடுத்துவிட்டு ஓரத்தில் நிற்கிற 50 மி.மீ. பட்டையில் செருகு துண்டுகளை நறுக்குங்கள். 12 மி.மீ. 47.1 கிலோ. வாங்கியது மொத்தம் 1,094 கிலோ, டிரஸில் போனது 1,064. முப்பது கிலோதான் ஸ்கிராப், மூன்று சதவீதத்துக்கும் குறைவு.

கீழ் கார்டு ஒட்டைப் பற்றி ஒரு வார்த்தை: இரண்டு ஆங்கிளிலும் ஒட்டு ஒரே இடத்தில் வரக் கூடாது. ஒன்றில் இடப்பக்கம் 1.2-இல், மற்றதில் வலப்பக்கம் 1.2-இல் வரட்டும்.

டேபிள் படி 810 கிலோ, எடைமேடையில 740-தான் காட்டுது. யார் தப்பு?

இது எனக்கே நடந்தது. மேலே சொன்ன ஷெட்டுக்கு முதல் நடையில் 50×50×6 முப்பது நீளம் மட்டும் வந்தது. பில்லில் 740 கிலோ, வழியில் எடைமேடையில் காலி வண்டியைக் கழித்துப் பார்த்தாலும் 740. பில் சரி, எடை சரி, அப்புறம் என்ன என்று இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எடைமேடை பத்து பத்து கிலோவாகத்தான் காட்டும், டிரைவர் வண்டியில் இருந்தாரா, இடையில் டீசல் போட்டாரா என்பதற்கெல்லாம் கொஞ்சம் விடலாம். ஆனால் 70 கிலோ டீசல் இல்லை. பக்கத்துக் கொப்பரைக் கடையிலிருந்து பிளாட்ஃபார்ம் தராசை எடுத்து வரச் சொல்லி ஒரு நீளத்தை மட்டும் ஏற்றினோம். 6 மீட்டர் ஆங்கிள் தராசுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஆடும், நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து அதன் மேல் சமமாக நிறுத்தணும், கட்டை எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு. 24.6 கிலோ. டேபிள் படி 27 வரணும். 50×50×5 என்றால் 22.8. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

24.6-ஐ 6-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 4.1. அதை 0.00785-ஆல் வகுத்தால் பரப்பு 522 சதுர மி.மீ. டேபிளில் 568. எட்டு சதவீதம் குறைவு, தடிமனாகப் பார்த்தால் ஐந்தரை மி.மீ. வெர்னியரை வைத்துப் பார்த்தோம், காலின் நடுவில் 5.5 காட்டியது. நுனியில் பார்க்கக் கூடாது, அங்கே உருண்டிருப்பதால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும், நல்ல ஆங்கிளைக்கூடச் சந்தேகப்பட வைக்கும்.

கடைக்காரர் போனில் சொன்னது, "கிலோவுக்குத்தானேங்க காசு வாங்கினேன், உங்களுக்கு என்ன நஷ்டம்?" காசில் நஷ்டம் இல்லைதான். அதுதான் இதில் விஷயம். எடைக்கு வாங்கினால் மெலிந்த ஆங்கிள் பணத்தைத் தின்னாது, பலத்தைத் தின்னும். இன்ஜினியர் 5.68 சதுர செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார், வந்தது 5.22. நீளக் கணக்கில் வாங்கியிருந்தால் இரண்டையும் தின்றிருக்கும். திருப்பி அனுப்பினோம், இரண்டு நாள் வேலை நின்றது, வெல்டர் கூலி எங்கள் கையிலிருந்து.

அதனால் இப்போது வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே ஒரு நீளம் தராசுக்குப் போகும். உருட்டும்போது எடையில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வருவது இயல்பு, அதற்கென்று தரநிலையே அளவு விட்டிருக்கிறது. 27-க்கு 26.5 காட்டினால் நான் பேசாமல் இறக்கிவிடுவேன். 25-க்குக் கீழே போனால் வண்டியோடு திரும்பட்டும். கேரள எல்லை தாண்டி வருகிற சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இருக்கும், திருப்பி அனுப்புவதற்கும் தாள் வேலை உண்டு, இறக்கின பிறகு அது இரட்டைத் தலைவலி.

பர்லினுக்கு 75 சேனல் மீட்டருக்கு 6.8-ன்னு ஒருத்தர், 7.14-ன்னு ஒருத்தர். எது சரி?

இரண்டுமே டேபிளில் இருந்ததுதான், டேபிள் வேறு. 6.8 என்பது 1964 காலத்து எண், பழைய கையேடுகளில் இன்னும் அதுதான் இருக்கிறது. 1989-இல் ஐ.எஸ். 808 திருத்தியபோது 7.14 ஆனது. 100 சேனலும் அப்படியே, 9.2 இருந்தது 9.56 ஆனது. யாராவது டேபிளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலில் 100 சேனல் வரியைப் பாருங்கள், அது பழையதா புதியதா என்று உடனே தெரிந்துவிடும். நாம் பேசிய ஆங்கிள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், பர்லின் எடையைத் தனியாகப் போடுங்கள். 3.6 மீட்டருக்கு ஒரு டிரஸ், ஷெட் நீளம் 14.4, எட்டு வரிசை பர்லின், மொத்தம் 115.2 மீட்டர். 75 சேனல் போட்டால் 822 கிலோ. ஐந்து டிரஸும் சேர்ந்தே 1,064 தான். டிரஸ் எடையைக் கேட்டுவிட்டு பட்ஜெட் போட்டவர்கள் கூரை ஏறும்போது முழிப்பது இதனால்தான்.

கூலி கிலோவுக்குப் பேசியிருக்கோம். எந்த எடைக்குக் காசு கொடுக்கறது?

வேலை தொடங்கும் முன் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியது இது. வாங்கின எடைக்கா, வெட்டின துண்டுகளின் டேபிள் எடைக்கா, முடிந்த டிரஸை எடைமேடையில் ஏற்றியா என்று மூன்று வழி இருக்கிறது.

அரசாங்க வேலையில் அளக்கிற முறையில் குசெட்டை அதைச் சுற்றி வருகிற செவ்வகமாகவே எடுப்பார்கள், மூலையைச் சாய்த்து வெட்டியதற்குக் கழிக்க மாட்டார்கள். மேலே நான் குசெட்டைச் செவ்வகமாகப் போட்டது அதனால்தான், அழகுக்கு மூலையை வெட்டினால் நிஜ எடை கொஞ்சம் குறையும். நானே வேலை எடுத்தாலும் கொடுத்தாலும் வெட்டின துண்டுகளின் டேபிள் எடைதான் பேசுவேன். வாங்கின எடைக்குப் பேசினால் வெல்டருக்கு ஸ்கிராப்பைக் குறைக்க ஆசையே வராது. எடைமேடைக்குப் பேசினால் ஆங்கிள் மெலிந்து வந்த பாவம் வெல்டர் கூலியில் விழும், அது அவர் செய்த தப்பு இல்லை.

டிரஸ் கனமா இருந்தா காத்துல பறக்காதுங்களா? இங்க பாலக்காட்டுக் கணவாய் காத்து தெரியுமில்ல.

கனம் காப்பாற்றாது, கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு டிரஸ் தாங்குகிற கூரை 7.2-க்கு 3.6, அதாவது 25.9 சதுர மீட்டர். டிரஸ் 213 கிலோவைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 8.2 கிலோ. பர்லின் சுமார் 8, தகடு சுமார் 5. மொத்தம் 21 கிலோ, ஒரு டிரஸ் பங்குக்கு 550 கிலோ மாதிரி.

கோயமுத்தூருக்குத் தரநிலை சொல்கிற அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 912 நியூட்டன், சுமார் 93 கிலோ. கூரை மேல் உறிஞ்சுவது அதில் 0.6 பங்கு என்று வைத்தாலும் 56 கிலோ, ஒரு டிரஸ் பங்குக்கு 1,450 கிலோ மேல்நோக்கி. பக்கம் திறந்த ஷெட்டில் காற்று உள்ளே புகுந்து தள்ளுவது இதற்கு மேல். 550 கிலோ எங்கே, 1,450 எங்கே. ஆங்கிளை 65×65×6 ஆக்கினாலும் கூடுவது ஐம்பது கிலோவுக்குள்தான்.

மிச்சம் 900 கிலோவை இரண்டு முனையிலும் இருக்கிற அந்த 12 மி.மீ. பேஸ் பிளேட்டும் அதன் ஆங்கர் போல்ட்டும் பிடிக்க வேண்டும், முனைக்கு 450. போல்ட் பலமாகத்தான் இருக்கும், அது எதில் புதைந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். செங்கல் சுவரின் மேல் நாலு வரிசையில் புதைத்திருந்தால் அந்த நாலு வரிசையோடு கிளம்பிவிடும். போல்ட் கான்கிரீட் தூணிலோ, தூணோடு கம்பி கட்டிய பெல்ட்டிலோ இறங்கணும். அதோடு காற்று மேலே தூக்கும்போது கீழ் கார்டு இழுவையிலிருந்து அழுத்தத்துக்கு மாறும், இன்ஜினியரிடம் அதையும் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.